ஒரே பாட்டு, வேறு வேறு செவிகள்: பக்திப் பாடலில் வடசொல்லையும் தமிழ்ச்சொல்லையும் தேர்வது எப்படி

பக்திப் பாடல் எழுதத் தொடங்குபவர் பெரும்பாலும் முதல் பாட்டிலேயே ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்கிறார். "சரணம்" என்று எழுதுவதா, "தஞ்சம்" என்று எழுதுவதா? "பக்தர்" என்பதா, "அடியார்" என்பதா? அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் தேடத் தொடங்கினால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது, ஏனென்றால் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு செய்தி, அது இன்று யார் வாயில் எப்படி ஒலிக்கிறது என்பது வேறொரு செய்தி. பாட்டுக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும். நான்கு வரிகள் கொண்ட ஒரு முருகன் பாட்டை எடுத்துக்கொண்டு, அதைப் பஜனை குழுவுக்கு எழுதிய வடிவத்திலிருந்து தனித்தமிழ் விரும்பும் அவைக்கு மாற்றும் வேலையைப் படிப்படியாகக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டு இது:

கருணா சாகர கந்தா சரணம்
கமலப் பாதம் தருவாய் சரணம்
பாப விமோசன பக்தர்க் கருளும்
பார்வதி மைந்தா சரணம் சரணம்

முதலில், பாடப்போகிறவர் யார் என்று எழுதிவையுங்கள்

கேட்பவரை மட்டும் எண்ணுவது போதாது. பக்திப் பாட்டில் கேட்பவர் அடுத்த நிமிடமே பாடுபவர் ஆகிவிடுகிறார். முன்பாட்டுக்காரர் ஒரு வரியைச் சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொல்கிறது. ஆகவே சொல் புரிந்தால் மட்டும் போதாது, ஒரே முறை கேட்டதும் நாக்கில் ஏறவும் வேண்டும். நெடுங்காலமாக நாமாவளி பாடிவரும் பஜனை குழுவினருக்குக் "கருணா சாகர" என்பது பொருள் யோசிக்காமலேயே வாயில் வரும் தொடர். அதே தொடரைத் திருமுறையும் திருப்புகழும் தவிர வேறு பாடிப் பழகாதவரிடம் கொடுத்தால், "சாகர" என்ற இடத்தில் விளி முடிந்ததா, இன்னும் ஏதாவது வருமா என்று ஒரு கணம் தயங்குவார். வடமொழி விளி குறில் அகரத்தில் முடிகிறது. தமிழ்க் காது "சாகரா" என்றோ "கடலே" என்றோ நீட்டி அழைப்பதற்குப் பழகியது. தயக்கம் சொல்லின் பொருளால் வரவில்லை, அதன் ஈற்றால் வருகிறது.

எனவே ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இவர்கள் வாரந்தோறும் எந்தப் பாடல்களைப் பாடுகிறார்கள், வழிபாட்டில் எந்த நூலை ஓதுகிறார்கள். இந்த இரண்டு வரி இல்லாமல் சொல் தேர்வுக்குள் போகவேண்டாம்.

சொற்களை மூன்றாகப் பிரியுங்கள்

அடுத்து, பாட்டிலுள்ள சொற்களைப் பிறப்பால் அல்லாமல் பழக்கத்தால் பிரிக்கவேண்டும்.

முதல் வகை, வடமொழியிலிருந்து வந்திருந்தும் எவரும் அப்படி உணராத சொற்கள். கருணை, பாதம், பாவம், உமை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. தொல்காப்பியம் வடசொல்லைச் செய்யுளில் ஏற்கும்போதே வடவெழுத்தை நீக்கி வரவேண்டும் என்று சொல்கிறது. இச்சொற்கள் அந்தச் சலுகையை எப்போதோ முழுமையாகப் பெற்றுவிட்டன. கண்டிப்பான தனித்தமிழ் அவை ஒன்றைத் தவிர வேறு எங்கும் இவற்றை மாற்றவேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் வகை, வடமொழி ஒலியையோ அமைப்பையோ விடாமல் வைத்திருப்பவை. "விமோசன" இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. "கருணா சாகர" என்பதில் இரு சொற்களும் தனித்தனியே தெரிந்தவைதாம், ஆனால் தொகை வடமொழித் தொகை.

மூன்றாம் வகையைத் தொடக்க எழுத்தாளர்கள் கவனிப்பதே இல்லை: தமிழ் வடிவில் இருந்தும் இன்றைய காதுக்கு அயலானவை. பழைய நூலில் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு சொல் பாட்டுக்குத் தகுதி பெற்றுவிடாது. ஆழ்வார் பாசுரத்தில் பத்மநாபன் "பற்பநாபன்" என்றும், ஹ்ருஷீகேசன் "இருடீகேசன்" என்றும் வருகின்றனர். பாசுரம் ஓதுகிறவருக்கு அவை அமுதம். மற்றவருக்குப் "பற்பம்" என்றால் சித்த மருத்துவரின் மருந்துப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். "பக்தி" என்பதைப் "பத்தி" என்று எழுதினாலும் இதே சிக்கல்தான். தேவாரத்தில் அது இயல்பாக நிற்கிறது, இன்று புதிதாக எழுதும் பாட்டில் ஊதுபத்தி மணக்கும்.

ஐயம் எழும் இடத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கலாம்; வடசொல் என்று கருதியவற்றை அது குறித்துக் காட்டுகிறது. தனித்தமிழ் அறிஞர்கள் அந்தக் குறிப்புகளில் பலவற்றை மறுப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அவர்களுக்காக எழுதும்போது அவர்கள் அகராதியே கணக்கு, பல்கலைக்கழக அகராதி அல்ல.

மாத்திரையை எண்ணுங்கள், பிறகு அதன் வடிவத்தைப் பாருங்கள்

வேலை கடினமாவது இங்கேதான். மெட்டு ஏற்கெனவே இருக்கிறது, சொல்லை மட்டும் மாற்றப்போகிறோம். பாட்டுச் சந்தத்தில் குறில் ஒன்று, நெடில் இரண்டு, குறிலுக்குப் பின் ஒற்று வந்தால் அதுவும் இரண்டு என்று கொள்ளுங்கள். அப்படி எண்ணினால் "கருணா" நான்கு, "சாகர" நான்கு, "கந்தா" நான்கு, "சரணம்" நான்கு, வரிக்குப் பதினாறு. நான்கு வரிகளும் இதே கணக்கில் அமைந்திருப்பதால் ஆதி தாளத்தில் சுலபமாக உட்காருகின்றன.

"கருணா சாகர" என்பதற்கு எவருக்கும் முதலில் தோன்றும் மாற்று "கருணைக் கடலே". எண்ணிப் பார்த்தால் இதுவும் நான்கும் நான்கும்தான். எண்ணிக்கை சரி என்று விட்டுவிட்டால் பாடும்போது தவறு வெளிப்படும். "சாகர" என்பதில் நீளம் முதலெழுத்தில் இருக்கிறது: சா நீண்டு, கர குறுகும். "கடலே" என்பதில் க, ட இரண்டும் குறுகி, லே நீளும். இசையமைப்பாளர் "சா" என்ற இடத்தில் குரலை நீட்டி நிறுத்தும் ஒரு கார்வை வைத்திருந்தால், பாடுகிறவர் அந்தக் கார்வையை நிரப்பக் "கா...டலே" என்று இழுப்பார். கடல் காடலாகிவிடும். குறிலை நெடிலாக இழுத்தால் தமிழில் சொல்லே மாறிவிடுவதால் இந்தத் தவற்றைக் கேட்பவர் உடனே உணர்கிறார். சில நேரம் சிரித்தும்விடுகிறார், பக்திப் பாட்டில் அது நல்லதல்ல.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மெட்டில் அந்தக் கார்வையை இரண்டு எழுத்து தள்ளிப்போடும்படி இசையமைப்பாளரைக் கேட்பது. அவர் இசைந்தால் "கருணைக் கடலே கந்தா சரணம்" என்பதைவிட நல்ல வரி பொதுவான கோயில் கூட்டத்துக்குக் கிடைக்காது. மூன்று ககர மோனை தானாக வந்து விழுகிறது. மற்றொன்று, நெடிலில் தொடங்கும் தமிழ்ச் சொல்லைத் தேடுவது. "ஆழியே" என்றால் ஐந்து மாத்திரை ஆகி ஒன்று வழிகிறது. "ஊற்றே" என்றால் ஊற் இரண்டு, றே இரண்டு; நான்கு சரி, நீளமும் முதலில். கடல் ஊற்றாவதால் உருவகம் மாறுகிறது, ஆனால் அருளைச் சுரப்பதாகச் சொல்வது தமிழ்ப் பக்தி மரபுக்கு உகந்ததே.

மெய்யெழுத்தின் இனத்தையும் கவனிக்கவேண்டும். "சரணம்" இரு குறிலும் ஒரு நீட்டமுமாக ஓடி, மகரத்தில் ஓய்கிறது. "தஞ்சம்" இரண்டு நீட்டங்களாக நடக்கிறது. வடிவம் வேறுதான், ஆனாலும் இங்கே பாட்டு கெடாது, ஏனென்றால் ஞகர ஒற்று மெல்லினம். அதன்மேல் குரலை ஒரு மாத்திரை நிறுத்தி முனகலாம். அந்த இடத்தில் "பற்று" போன்ற வல்லின ஒற்று வந்திருந்தால் மூச்சு அறுபட்டிருக்கும். மெட்டில் கார்வை வரும் இடத்தில் நெடிலோ, மெல்லின இடையின ஒற்றோ இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள். "அடைக்கலம்" அழகான சொல், பொருளிலும் "சரணம்" என்பதற்கு மிக நெருக்கம், ஆனால் ஆறு மாத்திரை. இந்த மெட்டில் அதற்கு இடம் இல்லை.

கூட்டெழுத்தில் தொடங்கும் வடசொற்களில் எழுத்தும் ஒலியும் பிரிந்து நிற்கும். "பிரபு" என்று மூன்று எழுத்து எழுதுகிறோம். வடமொழி பழகியவர் அதை இரண்டு மாத்திரையாகப் "ப்ரபு" என்று பாடுவார், மற்றவர் மூன்றாகப் பாடுவார். ஒரே குழுவில் இரு சாராரும் இருந்தால் வரி ஒன்றாக நகராது. இதைப் பாட்டெழுதும்போதே தீர்த்துவிடவேண்டும்: எந்த ஒலி வேண்டுமோ அப்படியே தாளில் எழுதுங்கள், அல்லது அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள்.

ஒட்டும் இடத்தில் இரண்டு இலக்கணத்தைக் கலக்காதீர்கள்

வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் ஒரு வரியில் பக்கத்தில் நிற்பதில் பிழை எதுவும் இல்லை. "கமலப் பாதம் தருவாய்" என்பது அப்படிப்பட்ட நல்ல வரி. பிழை, தொகைக்குள் கலக்கும்போது வருகிறது. "கருணா சாகரா" சரி, "கருணைக் கடலே" சரி, "கருணா கடலே" சரியில்லை. முதல் சொல் வடமொழித் தொகைக்குரிய வடிவத்தில் நிற்க, இரண்டாம் சொல் தமிழாக வந்ததால் நடுவில் புணர்ச்சி அறுந்து கிடக்கிறது. வல்லின ஒற்று மிகவில்லை என்பதே காட்டிக்கொடுக்கும் அடையாளம். இதேபோல் பாதமும் அம்புஜமும் சேர்ந்தால் "பாதாம்புஜம்" ஆகலாம். அடியோடு அம்புஜத்தைச் சேர்க்கக்கூடாது, அடிக்கு மலரோ தாமரையோதான் துணை. பாதி மாற்றிய தொகையைவிட, மாற்றாத வடமொழித் தொகையே மேல் என்பது என் கருத்து.

பொருள் நழுவுகிறதா என்று பாருங்கள்

"பாப விமோசன" என்பதைத் "வினைகள் தீர்த்தே" என்று மாற்றினால் கணக்கு அமைகிறது. "வினைகள்" என்பதில் ஐகாரம் இடையில் வந்து குறுகுவதால் வி, னை ஒவ்வொன்று, கள் இரண்டு. ஆனால் பாவமும் வினையும் ஒன்றல்ல. சைவ மரபில் வினை என்பது நல்வினை, தீவினை இரண்டையும் சுட்டும்; இரண்டும் நீங்கவேண்டியவையே. சித்தாந்தம் அறிந்த அவையில் "வினைகள் தீர்த்தே" என்பது மூல வரியைவிட ஆழமான வேண்டுதலாகிவிடும். குழந்தைகளிடம் அது வெறும் வேலைகள் என்றுகூடப் பொருள்படலாம். அவர்களுக்குப் பாவம் என்பதே தெரிந்த சொல்.

"பார்வதி மைந்தா" என்பதற்குத் தனித்தமிழ் தேடினால் "கொற்றவை மகனே" கிடைக்கும். ஈற்று ஐகாரமும் குறுகுவதால் மாத்திரை நான்கும் நான்கும். திருமுருகாற்றுப்படையிலேயே முருகன் கொற்றவை சிறுவன் என்று அழைக்கப்படுகிறான். ஆயினும் நான் அதை இந்தப் பாட்டில் வைக்கமாட்டேன். தஞ்சம் கேட்டு முடியும் பாட்டின் கடைசி வரியில் போர்த்தெய்வம் வந்து நின்றால், மடியில் ஏந்தும் தாயின் முகம் மறைந்துவிடும். "உமையாள் மகனே" என்பது அந்த முகத்தை வைத்திருக்கிறது. உமை வடசொல் என்று எவரேனும் எழுந்து சொன்னால், "மலைமகள்" என்று வைத்து, ஒரு மாத்திரை கூடுவதை மெட்டில் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இறைவனின் திருநாமம், மூலமந்திரம், தலத்துக்குரிய பெயர் ஆகியவற்றை எந்த அவைக்காகவும் மொழிபெயர்க்கவேண்டாம். அவற்றைப் பாடுகிறவர் சொல்லாக நினைப்பதில்லை. கிரந்த எழுத்தை மட்டும் தமிழ்ப்படுத்தலாம். "ஷண்முகா" என்பதைச் "சண்முகா" என்று எழுதினாலும் ஷகரம் பழகியவர் ஷகரமாகவே பாடிக்கொள்வார்.

இந்தப் படிகளையெல்லாம் கடந்து, கண்டிப்பான தமிழ் அவைக்கு வந்த வடிவம் இது:

அருளூற் றாகும் முருகா தஞ்சம்
அடியின் நிழலைத் தருவாய் தஞ்சம்
வினைகள் தீர்த்தே அடியார்க் கருளும்
உமையாள் மகனே தஞ்சம் தஞ்சம்

"சா" இருந்த இடத்தில் இப்போது "றா" நிற்பதால் கார்வை காப்பாற்றப்பட்டது. முதல் இரண்டு வரிகளில் அகரம் மோனையாக அமைகிறது. பின் இரண்டில் னை, மை என்று இரண்டாம் எழுத்தில் ஓர் இசைவு இருக்கிறது. "கந்தா" போய் "முருகா" வந்ததில் ககர மோனை போனது உண்மை. இரண்டாம் வரியில் "மலரடி நிழலை" என்று வைத்தால் காட்சி இன்னும் அழகு, ஆனால் வரிமோனை போய்விடும். மோனை வேண்டுமா, மலர் வேண்டுமா என்பதைப் பாடகரின் குரலைக் கேட்டபின் முடிவு செய்யலாம்.

கிறித்தவ அவைகளுக்கு எழுதும்போது கணக்கு வேறு

இங்கே சொல் தேர்வு தூய்மையைப் பற்றியதாக இல்லாமல், எந்தச் சபை என்பதைப் பற்றியதாக இருக்கிறது. சீர்திருத்தச் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம் இன்னும் ஓதப்படுவதால் கிருபை, இரட்சகர், பரிசுத்த ஆவி, ஸ்தோத்திரம் ஆகியவைதாம் தாய்மொழி. கத்தோலிக்கர், வழிபாடு தமிழுக்கு மாறியபின், குறிப்பாக 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்புக்குப் பின், அருள், மீட்பர், தூய ஆவி என்ற சொற்களில் பழகியிருக்கின்றனர். அவர்களிலும் முதியவர்கள் "பிரியதத்த மந்திரம்" என்று சொன்ன அதே வேண்டுதலை இளையவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்குகிறார்கள்.

எனவே இங்கே விதி ஒன்றே: அந்தச் சபை ஓதும் மறைநூலில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எடுங்கள். மாத்திரை வேறுபாடு மிகப் பெரியது என்பதால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. "இரட்சகர்" ஆறு, "மீட்பர்" நான்கு, "பரிசுத்த" ஐந்து, "தூய" மூன்று. இரண்டு சபைகளும் பாடவேண்டிய பாட்டானால், இருவருக்கும் பொதுவான ஆண்டவர், இயேசு, அன்பு, ஒளி போன்ற சொற்களின்மேல் பல்லவியை நிறுத்தி, சபைக்குரிய சொற்களைச் சரணங்களுக்குத் தள்ளுவது நடைமுறையில் உதவுகிறது. சரணத்தை மாற்றி எழுதலாம். பல்லவியை இரண்டாக வைத்துக்கொண்டு ஒரே பாட்டு என்று சொல்ல முடியாது.

பாடவிட்டுப் பாருங்கள்

எழுதியது சரியா என்று காகிதம் சொல்லாது. அந்த அவையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் முதலில் மெட்டு இல்லாமல் வரியை ஒரு முறை வாசித்துக்காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வேறு சொல்லை இட்டுச் சொன்னால் அதைத் திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். "தஞ்சம்" என்று எழுதியதை மூவரும் "சரணம்" என்று திருப்பிச் சொன்னால், அந்த அவைக்கு எந்தச் சொல் வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். பிறகு மெட்டோடு கூட்டமாகப் பாடவிட்டுக் கேளுங்கள். ஏதாவது ஒரு வரியில் மட்டும் குரல் தாழ்ந்து முணுமுணுப்பாகி, அடுத்த வரியின் முதற்சொல்லில் மீண்டும் ஓங்கினால், தாழ்ந்த வரியில் நாக்கில் ஏறாத சொல் இருக்கிறது என்று பொருள். குரல் தாழாமல் தாளம் மட்டும் தள்ளாடினால் சொல்லில் குறையில்லை, குறில் நெடிலின் இடம்தான் தவறியிருக்கிறது. மாத்திரைக் கணக்குக்குத் திரும்புங்கள்.

இரண்டு வடிவங்களையும் முடித்தபின் தனித்தனித் தாளில் எழுதி, தலைப்பில் எந்த அவைக்கு என்பதைக் குறித்துவையுங்கள். ஒரே தாளில் அடைப்புக்குறிக்குள் மாற்றுச் சொல்லை எழுதிக் கொடுத்தால், மேடையில் பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் மற்றொன்றையும் பாடுவார்கள்.